மீன் எண்ணெயா, மீன் ஈரல் எண்ணெயா: அத்தையின் உதட்டு வெடிப்பும் ஒரு கரண்டிக் கணக்கும்

அரவேணு மேடு | 28 ஜனவரி 2024, இரவு 9.40

என் மாமியாருக்கு வயது 74. கோத்தகிரிக்குக் கீழே அரவேணுவில் எங்களுடன் இருக்கிறார். கடந்த நான்கு மாதங்களாக அவருடைய உதடுகள் ஓரங்களில் வெடித்து, ஆறாமல் இருக்கின்றன. உள்ளங்கையில் தோல் உரிகிறது, முடி கொத்தாக உதிர்கிறது, காலையில் தலைவலியோடுதான் எழுந்திருக்கிறார். மார்கழி, தைப் பனியில் மலையில் யாருக்குத்தான் உதடு வெடிக்காது என்று நாங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு மே மாதம் இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு கூடியிருப்பதைப் பார்த்த மருத்துவர், "மீன் எண்ணெய் மாத்திரை தினம் இரண்டு சாப்பிடலாம்" என்று வாய்மொழியாகச் சொன்னார். லண்டனில் இருக்கும் என் கொழுந்தனிடம் அத்தை இதைத் தொலைபேசியில் சொல்ல, அவர் பெரிய போத்தல்களாக அனுப்பத் தொடங்கிவிட்டார். மாத்திரை இரண்டு என்றால் எண்ணெய் இரண்டு கரண்டி என்று அத்தை தாமாகவே முடிவு செய்து, ஜூன் முதல் காலை ஒன்று, இரவு ஒன்று என்று குடித்து வருகிறார்.

இந்த எண்ணெய்க்கும் உதட்டு வெடிப்புக்கும் தொடர்பு இருக்குமோ என்று நேற்று எனக்கு ஐயம் வந்தது. போத்தலின் பின்புறம் 5 மி.லி.க்கு வைட்டமின் ஏ 1,200, வைட்டமின் டி 10 என்று அச்சிட்டிருக்கிறது. பெரியவர்கள் நாளொன்றுக்கு வைட்டமின் ஏ 10,000 வரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு மருத்துவக் குறிப்பில் படித்தேன். இரண்டு கரண்டிக்கு 2,400தான் வருகிறது, அதாவது கால் பங்குகூட இல்லை. ஆகவே எண்ணெய் குற்றவாளி இல்லை, பனிதான் காரணம் என்று நினைக்கிறேன். என் கணக்கு சரிதானா? தேயிலைத் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்தவள் நான், ஆனால் இது எனக்குப் பழகாத பேரேடு.

குன்னூர் மருந்துக்கடை | 29 ஜனவரி 2024, காலை 7.15

பெருக்கலில் பிழை இல்லை, அலகில்தான் பிழை. போத்தலில் உள்ள 1,200 என்பது மைக்ரோகிராம். நீங்கள் படித்த 10,000 என்பது சர்வதேச அலகு, கடையில் நாங்கள் 'யூனிட்' என்று சொல்வது. வைட்டமின் ஏ-யைப் பொறுத்தவரை ஒரு மைக்ரோகிராம் என்பது ஏறத்தாழ மூன்றே கால் யூனிட்டுக்கு மேல், துல்லியமாகச் சொன்னால் 3.33. ஆகவே உங்கள் 2,400-ஐ ஒப்பிட வேண்டியது 10,000-த்தோடு அல்ல, 3,000 மைக்ரோகிராமோடு. கால் பங்கு என்று நீங்கள் நினைத்தது உண்மையில் ஐந்தில் நான்கு பங்கு.

இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, போத்தலின் முன்பக்கத்தில் 'லிவர்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவர் சொன்ன மாத்திரை மீனின் உடல் எண்ணெயாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். டிரைகிளிசரைடுக்கு அதைத்தான் எழுதுவார்கள். ஈரல் எண்ணெய் வேறு பொருள். தமிழில் இரண்டையும் 'மீன் எண்ணெய்' என்றே சொல்லிவிடுவதால் கடைக்கு வருபவர்களிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன். இரண்டாவது, உங்கள் அத்தை பயன்படுத்துவது எந்தக் கரண்டி?

அரவேணு மேடு | 29 ஜனவரி 2024, மாலை 6.05

'காட் லிவர் ஆயில்' என்றுதான் இருக்கிறது. எட்டு மாதமாக அடுப்பங்கரை அலமாரியில் என் கண்ணெதிரே நின்றிருக்கிறது, நான் படித்ததில்லை.

கரண்டியைப் பற்றி இனிதான் எழுத வேண்டும். அத்தை பயன்படுத்துவது மருந்துக் கரண்டி அல்ல. நெய் ஊற்றுவதற்கென்று வைத்திருக்கும் சிறிய குழிக்கரண்டி அது. இருமல் மருந்துப் போத்தலின் மூடியில் 5, 10, 15 என்று கோடு போட்டிருப்பார்கள் அல்லவா, அதில் ஊற்றி மூன்று முறை அளந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 12 மி.லி. வந்தது. அப்படியானால் நாளொன்றுக்கு 24 மி.லி., அதாவது 5,760 மைக்ரோகிராம். எல்லையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நேற்று இரவு நான் எழுதிய பதிவை இப்போது படித்தால் கூசுகிறது. அழிக்காமல் விட்டுவைக்கிறேன், இதே தவற்றை வேறு யாரும் செய்யக்கூடும்.

உதகை வாத்தியார் | 30 ஜனவரி 2024, காலை 10.20

தேவையில்லாமல் பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் முப்பது ஆண்டுகள் அறிவியல் நடத்தியவன். வைட்டமின் கூடுதலாகப் போனால் உடல் வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். இரண்டாம் உலகப் போரில் நார்வேயிலிருந்து காட் மீன் எண்ணெய் வருவது நின்றபோது, அன்றைய சென்னை மாகாண மீன்துறை கோழிக்கோட்டில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பள்ளியில் வரிசையில் நிறுத்தி அந்தச் சுறா எண்ணெயை ஆளுக்கு ஒரு கரண்டி வாயில் ஊற்றுவார்கள். அதன் நாற்றம் இன்னும் நினைவிருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் உதடு வெடிக்கவில்லை. மேலும் இந்த மலையில் மாதக்கணக்கில் மூடுபனி, கம்பளியைக் கழற்றுவதே இல்லை, வெயில் போதாது. ஆகவே வைட்டமின் டி-க்காகவாவது ஈரல் எண்ணெய் நல்லதுதானே?

குன்னூர் மருந்துக்கடை | 30 ஜனவரி 2024, இரவு 10.50

ஐயா சொன்ன சிறுநீர்க் கணக்கு வைட்டமின் சி-க்கும் பி வகைகளில் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும், ஏனென்றால் அவை நீரில் கரைபவை. ஏ கொழுப்பில் கரைவது. அது சிறுநீர் வழியாக எளிதில் போவதில்லை, நம் ஈரலிலேயே தங்கிவிடுகிறது. மீனின் ஈரலில் அது ஏன் இருக்கிறதோ, அதே காரணத்தால்தான் நம் ஈரலிலும் சேர்கிறது. கடல்பாசியில் உள்ள மஞ்சள் நிறமிகளை நுண்ணுயிர்கள் தின்ன, அவற்றைச் சிறு மீன் தின்ன, அதைக் காட் தின்ன, படிப்படியாக வைட்டமின் ஏ-யாக மாறி ஈரலில் ஏறிக்கொண்டே போகிறது.

பள்ளியில் உங்களுக்கு ஒன்றும் ஆகாததற்கு வேறு காரணம் இருக்கிறது. எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்றினார்கள்? அந்தக் காலத்துப் பிள்ளைகளில் பலருக்கு ஈரலில் இருப்பே இருந்திருக்காது. காலிக் குடத்தில் ஊற்றுவதும் நிறைந்த குடத்தில் ஊற்றுவதும் ஒன்றல்ல. ஆனால் சுறா எண்ணெய் விஷயத்தில் ஓர் ஆபத்து உண்டு: சுறாவின் இனத்தைப் பொறுத்து ஏ-யின் அளவு பெரிதும் மாறும். சிலவற்றில் காட் எண்ணெயைவிடப் பல மடங்கு இருக்கும், ஆழ்கடல் சுறாக்கள் சிலவற்றில் ஏறத்தாழ இல்லவே இருக்காது. ஆகவே அளவிட்டுச் சமன் செய்யாத ஈரல் எண்ணெயில் 'ஒரு கரண்டி' என்பதற்குப் பொருளே இல்லை.

டி-யைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. வெயில் குறைந்தவர்களுக்கு டி தேவைதான். ஆனால் இந்த அம்மாவின் போத்தலையே பாருங்கள். 5 மி.லி.யில் டி 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், ஏ ஏறத்தாழ 4,000 யூனிட். ஒரு பங்கு டி வேண்டுமென்றால் பத்துப் பங்கு ஏ-யைச் சேர்த்தே விழுங்கியாக வேண்டும். 24 மி.லி.யில் டி 1,920 யூனிட்தான், அது எல்லைக்குள் பத்திரமாக இருக்கிறது, ஏ மட்டும் எல்லை தாண்டிவிட்டது. டி தேவை என்றால் டி-யை மட்டும் தனியாக வாங்குவதே முறை.

அம்மா, எண்ணெயை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தலைவலியோடு பார்வை மங்கினாலோ வாந்தி வந்தாலோ அன்றே போய்விடுங்கள். ஏ மிகுந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடும் வாய்ப்பு உண்டு.

அரவேணு மேடு | 31 ஜனவரி 2024, மதியம் 2.30

நிறுத்தச் சொன்னேன். "என் சின்ன மகன் அனுப்பினது, அதுல போய்க் குற்றம் கண்டுபிடிக்கிறாயா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். 26 ஆண்டு மருமகளாக இருக்கும் எனக்கு இதற்கு மேல் அந்தப் பேச்சை எடுத்துச் செல்ல வழி தெரியவில்லை. கணவரிடம் சொன்னேன், அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார்.

இடையில் ஒரு கேள்வி. காட் மீனின் ஈரலில் இவ்வளவு இருந்தால், அதே மீனின் சதையிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் கொஞ்சமாவது இருக்காதா?

குன்னூர் மருந்துக்கடை | 31 ஜனவரி 2024, இரவு 11.00

காட் மீனின் சதையிலிருந்து யாரும் எண்ணெய் எடுப்பதில்லை, எடுக்க அதில் கொழுப்பே போதாது. இது நம் அடுப்பங்கரைக்கே தெரிந்த விஷயம்தான். கூடலூர்ப் பக்கம் மலையாளிகள் கொண்டுவரும் மத்தியை வறுத்திருக்கிறீர்களா? சட்டியில் ஊற்றியதைவிட அதிக எண்ணெய் கடைசியில் நிற்கும். அது கொழுப்பைத் தோலுக்கடியிலும் சதையிலும் சேர்த்து வைக்கும் மீன். சுறாப்புட்டுக்கோ நாம்தான் தாராளமாக எண்ணெய் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் வாயில் மரத்தூள் போல இருக்கும். அதன் சதையில் கொழுப்பில்லை, எல்லாம் ஈரலுக்குள் போய்விட்டது. காட் இந்த வகையில் சுறாவோடு சேர்ந்தது.

மாத்திரையில் வரும் உடல் எண்ணெய் பெரும்பாலும் மத்தி, நெத்திலி போன்ற கொழுத்த சிறு மீன்களை முழுதாக வேக வைத்துப் பிழிந்து, நீரைப் பிரித்து, சுத்திகரித்து எடுப்பது. முழு மீன் என்பதால் அதன் சிறிய ஈரலும் உள்ளே இருக்கத்தான் செய்யும், ஆனால் சதைக் கொழுப்பின் அளவுக்கு முன் அது ஒன்றுமில்லை. சுத்திகரிப்பில் மிச்சமும் குறைந்துவிடும். நூறு ரூபாய்க் கூட்டத்தில் ஒரு செல்லாக்காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் ஆயிரம் மில்லிகிராம் மாத்திரையில் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 மில்லிகிராம் என்று இரண்டு கொழுப்பு அமிலங்கள் இருக்கும். டிரைகிளிசரைடைக் குறைப்பவை இந்த இரண்டும்தான். அவை ஈரல் எண்ணெயிலும் இருக்கின்றன, அதனால்தான் பலரும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று நினைக்கிறார்கள். ஆனால் உடல் எண்ணெயைக் கூட்டினால் ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் மட்டும் கூடும், ஈரல் எண்ணெயைக் கூட்டினால் ஏ-யும் கூடவே ஏறும்.

கேத்தி கேரட் | 1 பிப்ரவரி 2024, காலை 6.30

இந்த இழையைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கேத்திப் பள்ளத்தாக்கில் மூன்று ஏக்கரில் கேரட் போடுகிறேன். தினமும் கழுவுமிடத்திலிருந்து நான்கைந்து கேரட்டைப் பச்சையாகவே கடித்துத் தின்பது வழக்கம். இரண்டு மாதமாக என் உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகிவிட்டன. கேரட்டில் வைட்டமின் ஏ நிறைய என்று பள்ளிக்கூடத்திலேயே சொன்னார்கள். அப்படியானால் நானும் ஈரலைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேனா? எங்கள் ஊர்க் கேரட் விஷம் என்று எழுதிவிடாதீர்கள், ஏற்கெனவே விலை இல்லை.

குன்னூர் மருந்துக்கடை | 1 பிப்ரவரி 2024, இரவு 9.20

உங்கள் கேரட் பிழைத்தது. அதில் இருப்பது வைட்டமின் ஏ அல்ல, அதற்கு முந்தைய நிலையான கரோட்டின். குடல் அதைத் தேவைக்கேற்பத்தான் ஏ-யாக மாற்றும். உடலில் இருப்பு நிறைந்திருந்தால் மாற்றும் வேகத்தைக் குறைத்துவிடும், மாறாத கரோட்டின் தோலில் படிந்து மஞ்சளாகத் தெரியும். ஈரல் எண்ணெயில் இருப்பதோ முன்பே மாற்றி முடிக்கப்பட்டது. அதற்குக் குடலில் வாயிற்காவலர் இல்லை, வந்தது பெரும்பாலும் உள்ளே போய்விடும்.

கண்ணாடி முன் நின்று விழியின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்தால் கேரட் மஞ்சள், சில வாரம் குறைத்தால் போய்விடும். விழியும் மஞ்சளாக இருந்தால் அது காமாலை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

கேத்தி கேரட் | 2 பிப்ரவரி 2024, காலை 6.10

விழி வெள்ளையாக இருக்கிறது. மனைவியையும் பார்க்கச் சொன்னேன். அவள் கை என்னுடையதைவிட மஞ்சள், ஆனால் அது மஞ்சள்தூள் என்கிறாள்.

சேரம்பாடி அம்மா | 4 பிப்ரவரி 2024, இரவு 8.00

என் மகனுக்கு வயது மூன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கன்வாடியில் வைட்டமின் ஏ திரவம் ஊற்றுகிறார்கள். ஒரு தடவைக்கு இரண்டு லட்சம் யூனிட் என்று சுகாதாரச் செவிலியர் சொன்னார். நீங்களோ பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 10,000தான் எல்லை என்கிறீர்கள். அப்படியானால் அரசு கொடுப்பது தவறா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் அம்மா அவனுக்குச் சளி பிடிக்காமல் இருக்க மீன் ஈரல் எண்ணெய் தினம் ஒரு தேக்கரண்டி கொடுக்கிறார்.

குன்னூர் மருந்துக்கடை | 4 பிப்ரவரி 2024, இரவு 11.30

அரசு கொடுப்பது தவறில்லை, தயவுசெய்து அதை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு லட்சத்தை ஆறு மாதத்தின் 180 நாள்களுக்குப் பகிர்ந்து பாருங்கள், நாளொன்றுக்கு 1,100 யூனிட் சொச்சம் வரும், மைக்ரோகிராமில் 330 அளவு. மூன்று வயதுப் பிள்ளையின் அன்றாடத் தேவையை ஒட்டிய அளவு அது. ஈரலில் சேமித்து வைத்துக்கொள்ளும் அந்தக் குணமே இங்கே நமக்கு உதவுகிறது. ஊற்றிய அன்று சில பிள்ளைகளுக்குத் தலைவலியோ வாந்தியோ வரலாம், ஓரிரு நாளில் தணிந்துவிடும்.

கவலைப்பட வேண்டியது பாட்டியின் தேக்கரண்டியைத்தான். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை தினசரி எல்லை 600 மைக்ரோகிராம். மேலே சொன்ன போத்தலைப் போன்றது என்றால் ஒரு தேக்கரண்டியிலேயே 1,200 போய்விடுகிறது. அதையும் அரசின் திரவத்தையும் சேர்த்துப் பார்த்தால் எல்லையைப் போல் இரண்டரை மடங்கு. எண்ணெயை நிறுத்துங்கள், எவ்வளவு நாள் கொடுத்தார்கள் என்பதைச் செவிலியரிடமும் குழந்தை மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சேரம்பாடி அம்மா | 5 பிப்ரவரி 2024, காலை 9.00

நிறுத்திவிட்டேன். எனக்கு இப்போது இரண்டாவது குழந்தைக்கு மூன்று மாதம். நானும் அதைக் குடிக்கலாமா என்று கேட்க இருந்தேன், இனிக் கேட்கவில்லை.

குன்னூர் மருந்துக்கடை | 5 பிப்ரவரி 2024, காலை 9.25

குடிக்க வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் இந்த வகை ஏ மிகுந்தால் கருவின் உறுப்புகள் உருவாவதிலேயே கோளாறு நேரலாம். ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை குடித்திருந்தால் அதற்காக மனம் கலங்க வேண்டாம், அடுத்த பரிசோதனையில் சொல்லிவிடுங்கள். கேரட், முருங்கைக்கீரை தாராளமாகச் சாப்பிடலாம்.

அரவேணு மேடு | 3 மார்ச் 2024, இரவு 10.15

ஒரு மாதமாக எழுதவில்லை. பிப்ரவரி 9 அன்று உறவினர் திருமணத்துக்காக மேட்டுப்பாளையம் போனவர்கள் மூன்று வாரம் அங்கேயே தங்க நேர்ந்தது. அத்தை பெட்டிக்குள் முதலில் வைத்தது போத்தலைத்தான்.

என் பழைய வாதம் அங்கேதான் முற்றிலும் உடைந்தது. மலையை விட்டு இறங்கிய எங்கள் எல்லோருக்கும் நான்கே நாளில் உதடும் கையும் சரியாகிவிட்டன. அங்கே வெயில், வியர்வை, பனி என்பதே இல்லை. அத்தையின் உதடு மட்டும் ஆறவில்லை, இன்னும் மோசமாகி ஓரங்களில் இரத்தம் கசிந்தது. பனி காரணமாக இருந்திருந்தால் சமவெளியில் ஆறியிருக்க வேண்டும். மலையில் இருந்திருந்தால் சித்திரை வரும் வரை பனியின் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. பெட்டியை அடுக்கும்போது ஒரு சத்து மாத்திரை அட்டை கிடைத்தது. பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார் என்று தினம் ஒன்று போட்டுக்கொள்கிறாராம். அதில் வைட்டமின் ஏ 5,000 என்று இருக்கிறது. இம்முறை அலகைப் பார்த்தேன், யூனிட்தான். 1,500 மைக்ரோகிராம். ஆக மொத்தம் 7,260, எல்லையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் வறுவலை இதில் நான் சேர்க்கவில்லை. நாளை கோவைக்கு மருத்துவரிடம் போகிறோம். சம்மதிக்க வைத்தவர் கொழுந்தன், நான் அல்ல.

அரவேணு மேடு | 9 மார்ச் 2024, மாலை 5.45

மருத்துவர் உதட்டையும் உள்ளங்கையையும் பார்த்து, கண்ணின் உட்புறத்தையும் சோதித்தார், அழுத்தத்தின் அடையாளம் இல்லை. ஈரல் நொதிகள் சற்றே கூடியிருக்கின்றன, சுண்ணாம்புச் சத்து இயல்பு. வியப்பு என்னவென்றால், இரத்தத்தில் வைட்டமின் ஏ அளவு இயல்பு எல்லைக்குள்தான் இருக்கிறது. அத்தை அந்தத் தாளை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டிருக்கிறார், நான் தோற்றுவிட்டதற்கான சான்றாக. மருத்துவரோ எண்ணெயையும் சத்து மாத்திரையையும் நிறுத்தியே ஆக வேண்டும் என்கிறார். இது எப்படி?

குன்னூர் மருந்துக்கடை | 9 மார்ச் 2024, இரவு 10.40

நீங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன். கிடங்கில் பத்து மூட்டை இருந்தாலும் ஆயிரம் மூட்டை இருந்தாலும், தினம் குன்னூர் ஏலத்துக்குப் புறப்படும் லாரி ஒன்றுதான் என்று வையுங்கள். சாலையில் நின்று லாரியை எண்ணுபவனுக்குக் கிடங்கின் இருப்பு தெரியாது. ஈரல் ஒரு குறிப்பிட்ட புரதத்தின் மேல் ஏற்றித்தான் ஏ-யை இரத்தத்துக்கு அனுப்புகிறது, அந்த அளவை அது இறுக்கமாகக் காக்கிறது. வழக்கமான பரிசோதனை அந்த லாரியைத்தான் எண்ணுகிறது. கிடங்கு நிரம்பி மூட்டைகள் தாழ்வாரத்தில் நனையத் தொடங்கும்போது, அதாவது புரதத்தில் ஏறாத ஏ இரத்தத்தில் அலையும்போது, திசுக்களுக்குக் கேடு வருகிறது. அதை வெறும் வயிற்றில் தனியாக அளக்கும் பரிசோதனை உண்டு, எல்லா ஆய்வகங்களிலும் செய்வதில்லை. ஆகவே இயல்பான எண் நிரபராதி என்று சொல்லிவிடாது. குடித்த அளவும் அறிகுறியும் நிறுத்தியபின் குறைவதும்தான் சான்று.

உதகை வாத்தியார் | 11 மார்ச் 2024, காலை 11.00

என் முந்தைய பதிவில் சிறுநீர் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வகுப்பில் எத்தனை ஆண்டு அப்படியே சொன்னேனோ தெரியவில்லை. பரணிலிருந்த பழைய நூல்களைப் புரட்டியபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. அண்டார்க்டிகாவுக்குப் போன மாசன் குழுவில் மெர்ட்ஸ் என்பவர் 1913 ஜனவரியில் இறந்தார். உணவு தீர்ந்ததால் வண்டி இழுத்த நாய்களையே கொன்று, ஈரலையும் தின்றிருந்தார்கள். மெர்ட்ஸ், மாசன் இருவருக்கும் தோல் உரிந்தது. 1969இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இருவர், இது வைட்டமின் ஏ நஞ்சாக இருக்கலாம் என்று எழுதினார்கள். பட்டினியும் குளிருமே போதுமான காரணம் என்று மறுப்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் பனியா எண்ணெயா என்று நடந்த வழக்கின் பெரிய வடிவம் போலத் தோன்றியதால் எழுதினேன்.

அரவேணு மேடு | 12 மார்ச் 2024, இரவு 8.30

அத்தைக்கு இதைப் படித்துக் காட்டினேன். நாயைத் தின்றவர்களோடு தம்மை ஒப்பிட்டதாக நேற்றிலிருந்து பேசவில்லை.

அரவேணு மேடு | 2 ஏப்ரல் 2024, காலை 7.50

நிறுத்தி நான்கு வாரம். மூன்றாம் வாரத்தில் உதட்டு ஓரம் மூடியது, உள்ளங்கைத் தோல் உரிவது நின்றது. முடி உதிர்வது குறையவில்லை. டி குறைவாக இருப்பதால் மருத்துவர் வாரம் ஒருமுறை 60,000 யூனிட் தூள் எழுதியிருக்கிறார். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது.

குன்னூர் மருந்துக்கடை | 2 ஏப்ரல் 2024, மதியம் 1.10

யூனிட் என்பது எடை அல்ல, ஒவ்வொரு வைட்டமினுக்கும் தனி அளவுகோல். டி-யில் 40 யூனிட் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோகிராம். 60,000 யூனிட் டி என்பது ஒன்றரை மில்லிகிராம், அதுவும் வாரம் முழுவதற்கும். அவர் எழுதிய வாரங்கள் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். நல்லதாக இருக்கிறது என்று தொடர்ந்து வாங்குபவர்களைத்தான் நான் கடையில் திருப்பி அனுப்புகிறேன்.

அரவேணு மேடு | 14 ஜூலை 2024, இரவு 9.00

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். ஜூன் மாதப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் இயல்புக்கு வந்துவிட்டன. தலை வாரும்போது சீப்பில் வரும் முடி குறைந்திருக்கிறது, முன்னெற்றியில் குட்டையாகப் புதுமுடி தெரிகிறது. டிரைகிளிசரைடுக்கு உடல் எண்ணெய் மாத்திரை இரண்டு, மருத்துவர் முதலில் சொன்னபடியே. காலைத் தலைவலி மட்டும் முழுதாகப் போகவில்லை, மூடுபனி நாள்களில் வருகிறது. அது எண்ணெயால் வந்ததா, முன்பே இருந்ததா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம் என்கிறார்.

கேத்தி கேரட் | 15 ஜூலை 2024, காலை 6.20

என் கை வெளுத்துவிட்டது. மீதிப் போத்தலை என்ன செய்தீர்கள்? நாய்க்கு ஊற்றலாமா?

குன்னூர் மருந்துக்கடை | 15 ஜூலை 2024, காலை 8.00

நாய்க்கும் ஈரல் இருக்கிறது ஐயா. வேண்டாம்.

அரவேணு மேடு | 21 ஜூலை 2024, இரவு 10.30

மீதிப் போத்தல் தோட்டத்து இரும்புக் கேட்டின் கீலுக்குப் போகிறது. மழையில் கிரீச்சிடுவது நின்றுவிட்டது, ஆனால் தெருப் பூனைகள் எல்லாம் கேட்டடியில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இன்று மாலை கொழுந்தன் அழைத்தார். "அண்ணி, இந்தத் தடவை லிவர் இல்லாததாகப் பார்த்து வாங்கிவிட்டேன், முன்பக்கம் வெறும் ஃபிஷ் ஆயில் என்றுதான் இருக்கிறது" என்றார். பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. வரிகளைப் படித்துவிட்டு நிறுத்தினார். இன்னும் கீழே போகச் சொன்னேன். 'சேர்க்கப்பட்ட வைட்டமின்கள்' என்ற தலைப்பின் கீழ், ஒரு மாத்திரைக்கு ஏ 800 மைக்ரோகிராம் என்று இருந்தது. அத்தை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பிரிக்காம இருந்தா கடையில திருப்பி எடுத்துக்குவானான்னு கேளு" என்றார்.